எண் பெயர்வு

எண் பெயர்வு என்பது கைப்பேசி எண்ணை மாற்றாமல் சேவை நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்வது. பேச்சுவழக்கில் 'போர்ட் பண்றது'. இந்தியா முழுவதும் 2011 ஜனவரி 20 முதல் இந்த வசதி உண்டு. 2015 ஜூலை முதல் மாநிலம் விட்டு மாநிலமும் மாறலாம் என்பதால், ஒடிசாவில் வாங்கிய எண்ணோடு எண்ணூருக்கு வேலைக்கு வந்தவரும் அதே எண்ணை வைத்துக்கொள்ள முடிகிறது.

பழைய சிம்மிலிருந்து PORT என்று எழுதி, இடைவெளி விட்டு, பத்து இலக்க எண்ணையும் சேர்த்து 1900க்கு அனுப்ப வேண்டும். எட்டு எழுத்துள்ள ஒரு குறியீடு அதே சிம்முக்கு வரும். அதைப் புதிய நிறுவனத்தின் கடையில் கொடுத்தால் புது சிம் தருவார்கள். மாநிலத்துக்குள் மூன்று வேலைநாளில் மாற்றம் முடிய வேண்டும். வெளிமாநில எண்ணுக்கு ஐந்து. குறியீட்டின் ஆயுள் தமிழ்நாட்டில் நான்கு நாள்தான். காசிமேட்டில் குறியீட்டை வாங்கி வைத்துவிட்டு, ஒரு வாரம் தங்கி மீன்பிடிக்க விசைப்படகில் போகிறவர் கரைக்குத் திரும்பும்போது அது செத்திருக்கும்.

குறியீடு பழைய இணைப்பில்தான் வரும் என்பது சாதாரண நாளில் யாருக்கும் உறைக்காது. 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஏர்செல் சிக்னல் போனபோது உறைத்தது. வெளியேறத் துடித்தவர்களால் 1900க்குச் செய்திகூட அனுப்ப முடியவில்லை.

மாற்றம் நடக்கும் வேளையில் சில மணி நேரம் சிக்னல் இராது. அதன்பின் ஓ.டி.பி. வழக்கம்போல வர வேண்டும், ஏனென்றால் வங்கியிடமும் ஆதாரிலும் இருப்பது எண் மட்டுமே. சம்பளச் சீட்டு, பி.எஃப்., கேஸ் சிலிண்டர் எதிலும் எதையும் திருத்த வேண்டியதில்லை. ஆனால் செய்தியை அனுப்பும் இடைநிலை நிறுவனம் தன் வழிப் பட்டியலைப் புதுப்பிக்காவிட்டால், ஓ.டி.பி. பழைய நிறுவனத்துக்கே போய்த் தொலைந்துவிடும். நண்பர்களின் செய்தியும் வேறொரு வங்கியின் ஓ.டி.பி.யும் வந்து, ஒரு வங்கியுடையது மட்டும் வராவிட்டால் கோளாறு பெரும்பாலும் இதுதான். ஓரிரு நாள் பொறுத்துப் பார்த்து அந்த வங்கியிடம் சொல்ல வேண்டும். சிம் விற்ற கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

யு.பி.ஐ. செயலியின் கதை வேறு. அது எண்ணோடு சிம்மையும் சேர்த்துப் பார்ப்பதால், புது சிம்மிலிருந்து ஒரு செய்தி அனுப்பி மறுபடி பதியச் சொல்லும். செய்தி வசதியில்லாத மலிவு ரீசார்ஜ் போட்டவர் அங்கே மாட்டிக்கொள்வார்.

பழைய நிறுவனம் கொடுத்தவை கூட வராது. 84 நாள் ரீசார்ஜில் 20ஆம் நாள் மாறினால் மீதி 64 நாளும் போனதுதான். அந்த பேக்கோடு இலவசமாக வந்த ஓ.டி.டி. சந்தாவும் அப்படியே. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும் சந்தா மட்டும் சிம்மோடு சாகாது. அதைத் தனியே நிறுத்த வேண்டும். போஸ்ட்பெய்டு இணைப்பில் கடைசி பில் பின்னால் வரும். கட்டாமல் விட்டால், பழைய நிறுவனம் கேட்டுக்கொண்டபடி புதிய நிறுவனம் இணைப்பைத் துண்டிக்கலாம்.