கல் போட்டுக் கிணற்று நீர்மட்டம் அறிதல்

கிணற்றுக்குள் விட்ட கல் நீரில் விழும் ஓசை மேலே கேட்கும்வரை ஆகும் நேரத்தை வைத்து, நீர்மட்டம் எவ்வளவு கீழே இருக்கிறது என்று கணக்கிடும் முறை இது. கிணற்றின் முழு ஆழம் இதில் தெரியாது. நீர் எங்கே தொடங்குகிறது என்பது மட்டுமே தெரியும். அடிவரை அறிய, கயிற்றில் எடை கட்டித்தான் இறக்க வேண்டும்.

விருதுநகர் மாவட்டத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது செண்பகத்தோப்பு. அங்கிருந்து ராஜபாளையம் பக்கம்வரை மாந்தோப்புகளிலும் தென்னந்தோப்புகளிலும் பாறையை வெட்டி இறக்கிய அகலமான கிணறுகளைக் காணலாம். கடினப் பாறை தண்ணீரைத் தன் வெடிப்புகளிலும் மேலே சிதைந்த அடுக்கிலும் மட்டுமே வைத்திருக்கும். அதனால் வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஏறி நிற்கும் நீர்மட்டம், கோடையில் வெகுவாக இறங்கிவிடும். ஒரே கிணறு ஒவ்வொரு பருவத்திலும் வேறு அளவு காட்டும் இத்தகைய இடத்தில், கையில் கயிறு இல்லாத நேரத்துக்கு இந்த முறை பயன்படுகிறது.

கணக்கு எளிது. விடுபட்டு விழும் பொருள் முதல் நொடியில் ஏறத்தாழ 16 அடி இறங்கும். மொத்தத் தூரம் நேரத்தின் வர்க்கத்தைப் போல் கூடும். ஆகவே நொடிகளை அதே எண்ணால் பெருக்கி, மறுபடி 16-ஆல் பெருக்கினால் அடிக்கணக்கில் ஆழம் கிடைக்கும். ஓசை 2 நொடியில் கேட்டால் 64 அடி.

ஆனால் அந்த 2 நொடி முழுவதும் கல் விழுந்த நேரம் அல்ல. ஓசை மேலே ஏறி வந்த நேரமும் அதில் சேர்ந்திருக்கிறது. சுமார் 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு 349 மீட்டர், அதாவது 1,145 அடி செல்லும். 64 அடி ஏற அதற்கு 0.056 நொடி போதும். இதை 2 நொடியிலிருந்து கழித்தால் 1.944. மீண்டும் வர்க்கம் கண்டு 16-ஆல் பெருக்கினால் 60 அடியைச் சற்றுத் தாண்டுகிறது. இப்படி ஒருமுறை திருத்தினாலே போதும். திருத்தாமல் விட்டால் வரும் பிழை 2 நொடிக்கு ஏறத்தாழ 5 சதவீதம். 3 நொடிக்கு 8 சதவீதத்தை நெருங்கும்.

ஒலியைவிடப் பெரிய பிழை அளப்பவரின் கையில் இருக்கிறது. கல்லை விடுவது அவரே என்பதால் கடிகாரத்தைச் சரியான கணத்தில் தொடங்கிவிடுவார். ஓசையைக் கேட்டபின் விரல் அழுத்தவோ 0.15 முதல் 0.2 நொடி ஆகிறது. 60 அடி இறங்கிய கல் நொடிக்கு 60 அடிக்கும் மேலான வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். எனவே 0.1 நொடி பிசகினாலே விடை 6 அடி மாறும். காற்றின் தடையும் கல்லைத் தாமதப்படுத்தும்: எலுமிச்சை அளவுக் கல்லுக்கு இந்த ஆழத்தில் ஓர் அடிக்குச் சற்று மேல். இவை மூன்றும் ஒரே திசையில்தான் தவறுகின்றன. ஓசையின் பயணம், விரலின் தாமதம், காற்றின் தடை எல்லாமே நீர்மட்டத்தை உள்ளதைவிடக் கீழே காட்டும். பலமுறை போட்டுச் சராசரி எடுத்தாலும் இந்தச் சாய்வு போகாது; சராசரி, முன்னும் பின்னும் சிதறும் பிழைகளையே சமன் செய்யும். கைப்பேசியில் காணொளி எடுத்து, விரல் கல்லை விடும் படத்துக்கும் ஓசைக்கும் இடைப்பட்ட நேரத்தைப் பார்ப்பதே சிறந்த வழி என்பேன். நொடிக்கு 30 படம் எடுக்கும் கருவியில் விரலின் தாமதம் நீங்கி, பிழை 2 அடிக்குள் சுருங்கும்.

கல்லை எறியக் கூடாது. கையை நீட்டிப் பிடித்து, விரல்களை மட்டும் திறக்க வேண்டும். பாறைக் கிணறுகளில் சுவரிலிருந்து நீட்டிய படிக்கற்களும் மோட்டார்க் குழாய்களும் உண்டு. கல் அவற்றில் பட்டால் முதலில் 'டக்'கென்ற ஓசையும் பிறகு நீரின் ஓசையும் கேட்கும். அந்த அளவைத் தள்ளிவிட வேண்டும். நீரோசையே இல்லாமல் 'டக்'கென்று மட்டும் கேட்டு, ஒவ்வொரு முறையும் அதே நேரம் வந்தால் கிணறு வற்றியிருக்கலாம். கைப்பிடிச் சுவருக்கு மேலிருந்து விட்டிருந்தால், விடையிலிருந்து கைக்கும் தரைக்கும் உள்ள உயரத்தைக் கழிக்க வேண்டும். நீர்மட்டம் தரையிலிருந்துதான் குறிக்கப்படுகிறது.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டத்தை ஆண்டுக்கு நான்கு முறை பதிவு செய்கிறது. மாற்றத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் காண வேண்டிய அத்தகைய பதிவுக்கு அளவு நாடாதான் ஏற்றது. ஆழ்துளைக் கிணற்றில் கல் போடவே கூடாது. குறுகிய குழாயில் அது சுவரில் மோதி மோதி இறங்குவதால் நேரம் பொருளற்றதாகும். மோட்டாருக்கும் குழாய்க்கும் இடையில் சிக்கினால் மோட்டாரை மேலே எடுக்கவும் முடியாமல் போகலாம்.