நீச்சல் குளத்தில் குளோரின் வாயு எப்படி வெளியாகிறது? பம்ப் அறையில் நடப்பது என்ன?

2022 மார்ச் 23, காலை நேரம். 2012 ஒலிம்பிக் போட்டிகள் நடந்த லண்டன் நீர் விளையாட்டு மையத்திலிருந்து சுமார் 200 பேர் அவசரமாக வெளியேற்றப்பட்டார்கள். 29 பேர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். பலருக்கு மூச்சுவிடச் சிரமம். உள்ளே நடந்த ஒரு ரசாயன வினையால் அதிக அளவில் குளோரின் வாயு வெளியானது என்று லண்டன் தீயணைப்புப் படை தெரிவித்தது.

இந்தச் செய்தியைப் படிக்கும்போது உங்களுக்கு ஒரு கேள்வி வரலாம். குளத்து நீரில் குளோரின் எப்போதும்தானே இருக்கு? அதில் தினமும் நீந்துகிறோமே, திடீரென்று அது எப்படி விஷமாக மாறும்?

விடை குளத்தில் இல்லை, அதை ஒட்டியுள்ள பம்ப் அறையில் இருக்கிறது.

இரண்டு கலன்கள், ஒரு குழாய்

பொதுக் குளங்கள் பலவற்றில் கிருமிகளைக் கொல்ல சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற திரவத்தைப் பயன்படுத்துகிறார்கள். வீட்டில் துணி வெளுக்கும் பிளீச்சும் இதேதான். குளத்துக்கு வருவது அதைவிட அடர்த்தியானது, ஏறக்குறைய 10 முதல் 12 சதவிகிதம். இதைச் சேர்க்கச் சேர்க்க நீரின் காரத்தன்மை கூடும். அதைக் குறைக்கப் பக்கத்துக் கலனில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும்.

குளத்து நீரைச் சுழற்சிப் பம்ப் இழுத்து, வடிகட்டியின் வழியாக அனுப்பி, மீண்டும் குளத்துக்கே தள்ளுகிறது. திரும்பிப் போகும் அந்தக் குழாயில்தான் இரண்டு சிறிய டோசிங் பம்புகள் இந்த இரண்டு திரவங்களையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துகின்றன. நீர் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்வரை பிரச்சினை இல்லை. செலுத்தப்பட்ட மறுகணமே இரண்டும் பெருமளவு நீரில் கரைந்து நீர்த்துவிடும்.

நீர்க்காமல் நேருக்கு நேர் சந்தித்தால் நடப்பது இதுதான்:

NaOCl + 2HCl → NaCl + H₂O + Cl₂

கடைசியில் இருக்கும் Cl₂தான் குளோரின் வாயு.

கலிபோர்னியாவில் கண்டறியப்பட்ட காரணம்

2015 ஜூன் மாதம் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், கான்ட்ரா கோஸ்டா மாவட்டத்துப் பொதுக் குளம் ஒன்றில் குளோரின் வாயு வெளியானது. 30-க்கும் மேற்பட்டோருக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. சுழற்சிப் பம்ப் அமைப்பில் ஏற்பட்ட கோளாறால், நீர்க்காத ஹைப்போகுளோரைட்டும் அமிலமும் குளத்துக்குள் போயிருந்தது விசாரணையில் தெரியவந்தது.

இந்த வகை விபத்து எப்படி நடக்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். சுழற்சிப் பம்ப் மட்டும் 'டிரிப்' ஆகி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். டோசிங் பம்புகளுக்குத் தனி மின் இணைப்பு. அவை நிற்கவில்லை. குழாயில் நீர் அசையாமல் இருக்கிறது, அதற்குள் இரண்டு திரவங்களும் சொட்டிக்கொண்டே இருக்கின்றன. இன்னொரு சிக்கலும் உண்டு. குளோரின் அளவைப் பார்க்கும் சென்சாருக்குப் புது நீர் வருவதில்லை. தேங்கிய நீரில் குளோரின் குறைவதைப் பார்த்து, "இன்னும் போடு" என்று அது கட்டளையிடக்கூடும்.

இதுவரை குளத்தில் இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. ஆபத்து வருவது பம்ப்பை மறுபடியும் ஓடவிடும்போதுதான். குழாயில் தேங்கியிருந்த கலவையும் வாயுவும் ஒரே மூச்சில், குளத்துச் சுவரிலுள்ள நீர்வரத்துத் துளைகள் வழியாக நீந்துபவர்கள் நடுவே வந்துவிழும்.

எவ்வளவு கலந்தால் ஆபத்து?

ஒரு சின்னக் கணக்கு. டோசிங் பம்ப் மணிக்கு 5 லிட்டர் செலுத்துகிறது என்றால், 12 நிமிடத்தில் 1 லிட்டர் ஹைப்போகுளோரைட் குழாய்க்குள் போயிருக்கும். அதன் அடர்த்தி 12 சதவிகிதம் என்றால், ஏறக்குறைய மூன்றில் ஒரு லிட்டர் அடர் அமிலமே அதை முழுமையாக வாயுவாக்கப் போதும். அதிகபட்சம் 40 லிட்டர் குளோரின் வாயு உருவாகும்.

காற்றில் பத்து லட்சத்தில் 10 பங்கு குளோரின் இருந்தாலே அது உயிருக்கும் உடல்நலத்துக்கும் உடனடி ஆபத்து என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷின் அளவுகோல். அந்த 40 லிட்டர் வாயு, 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரமுள்ள ஒரு மண்டபம் முழுவதையும் அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிடும்.

திறந்தவெளிக் குளத்தில் காற்று அதைக் கலைத்துவிடும்தான். ஆனால் குளோரின் காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது. அதனால் முதலில் நீர்மட்டத்தை ஒட்டித்தான் படரும். நீந்துபவரின் மூக்கு இருப்பதும் அங்கேதான்.

வழக்கமான வாசனையா, வாயுக் கசிவா?

குளத்தில் எப்போதும் வரும் அந்த 'குளோரின் வாசனை' பெரும்பாலும் குளோராமைன்களுடையது. குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் கலப்பதால் உருவாகும் பொருள்கள் அவை. கண் எரியும், ஆனால் மெதுவாகத்தான் எரியும்.

வாயுக் கசிவு அப்படி இல்லை. ஒரே நேரத்தில் பலர் இருமத் தொடங்குவார்கள். வாசனை சட்டென்று தாங்க முடியாத அளவுக்கு ஏறும். நீர்வரத்துத் துளைகளிலிருந்து குமிழிகளோ, மஞ்சள் கலந்த பச்சை நிறமோ தெரியலாம்.

அப்போது மூச்சைப் பிடித்து நீருக்குள் மூழ்காதீங்க. மேலே வந்ததும் அதே காற்றைத்தான் ஆழமாக இழுக்க வேண்டியிருக்கும். உடனே கரையேறி, காற்று வரும் திசையை நோக்கி, முடிந்தால் மேடான இடத்துக்கு நகருங்க. 999-ஐ அழைத்து, "நீச்சல் குளத்தில் ரசாயன வாயு" என்று தெளிவாகச் சொல்லுங்க. பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் நீச்சலுடையைக் கழற்றி, உடலையும் கண்களையும் சுத்தமான நீரில் கழுவ வேண்டும்.

குளோரினுக்கு முறிமருந்து கிடையாது. ஆக்சிஜனும் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துமே முக்கியச் சிகிச்சை. நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும், சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை, கொண்டோமினியம் குளங்களைப் பற்றி யோசித்துப் பாருங்க. மாலையில் இடியும் மழையும் வரும், எல்லாரும் கரையேறுவார்கள். மின்னலில் சுழற்சிப் பம்ப் டிரிப் ஆகலாம். மழை விட்டதும் பிள்ளைகள் குளத்துக்கு ஓடுவார்கள். பராமரிப்பாளர் சுவிட்ச்சைப் போடுவதும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான்.

இதைத் தடுக்கும் அமைப்பு எளிமையானது. குழாயில் நீர் ஓடுவது நின்றதும் டோசிங் பம்புகளின் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் 'ஃபுளோ சுவிட்ச்', கூடவே சுழற்சிப் பம்ப் ஓடினால் மட்டுமே டோசிங் பம்புகளும் ஓடும்படியான மின் இணைப்பு. ஆனால் ஃபுளோ சுவிட்ச் சிக்கிக்கொள்ளும். பழுது பார்க்கும்போது அதைத் துண்டித்துவிட்டு, மறுபடி இணைக்க மறப்பதும் உண்டு.

அதனால் உங்கள் குடியிருப்பு நிர்வாகத்திடம் இரண்டே கேள்விகள் கேளுங்க. சுழற்சிப் பம்ப்பை நிறுத்தினால் டோசிங் பம்புகளும் நிற்கின்றனவா, கடைசியாக எப்போது நிறுத்திப் பார்த்துச் சோதித்தீர்கள்? நின்ற பம்ப்பை மறுபடி ஓடவிடும் முன் குளத்திலிருந்து எல்லாரையும் வெளியேற்றுகிறீர்களா?

இரண்டாவது கேள்விக்கு "ஆமாம்" என்ற பதில் கிடைக்க எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. முதல் பாதுகாப்பு பழுதானாலும், வாயு வந்து சேரும் நேரத்தில் நீரில் யாரும் இருக்க மாட்டார்கள்.