பிளாங்க் கட்டுரையில் ஓர் எண்: 4.9651

கொல்லன் உலையில் இரும்பு முதலில் செந்நிறமாகக் காய்கிறது. மேலும் காய்ந்தால் மஞ்சளாகி, பின்னர் வெண்மையை நெருங்குகிறது. வெப்பம் ஏற ஏற, மிகுதியான ஆற்றலை ஏந்திவரும் ஒளியின் அலைநீளம் குறுகிக்கொண்டே போவதுதான் இதற்குக் காரணம். அந்த அலைநீளத்தை வெப்பநிலையால் பெருக்கினால் எப்போதும் ஒரே எண் கிடைக்கும் என்று 1893ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் வில்லெல்ம் வீன் நிறுவினார். பெர்லினை அடுத்த சார்லட்டன்பர்க் ஆய்வுக்கூடத்தில் லும்மர், பிரிங்சைம் என்னும் இருவர் அந்தப் பெருக்குத்தொகையை அளந்து, 0.294 என்று கண்டனர். அலைநீளம் சென்டிமீட்டரிலும், வெப்பநிலை தனிச்சுழியிலிருந்து எண்ணும் பாகையிலும் கொள்ளப்பட்ட அளவு அது.

இனி அந்தப் பெருக்குத்தொகை ஏன் 0.294 ஆக வேண்டும் என்பது கேள்வி. அதற்கு, எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஆற்றல் என்று கூறும் சூத்திரம் வேண்டும். 1896இல் வீன் ஒரு சூத்திரம் தந்தார். அலைநீளத்தையும் வெப்பநிலையையும் சேர்த்து x என்னும் ஒரே எண்ணாகச் சுருக்கினால், அவருடைய சூத்திரத்தின் வடிவம் x⁵/eˣ என்பதாகும். இங்கே e என்பது இயல் மடக்கையின் அடியாகிய 2.71828... என்னும் எண். இந்த வளைவின் உச்சி எங்கே என்று கேட்டால் விடை ஒரே வரியில் வந்துவிடும்: x = 5. பள்ளி மாணவனுக்கும் இதில் இடர்ப்பாடு இல்லை.

ஆனால் நீண்ட அலைகளில் வீனின் சூத்திரம் அளவைகளோடு பொருந்தவில்லை. 1900ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் மாக்ஸ் பிளாங்க் புதிய சூத்திரம் ஒன்றை ஜெர்மன் இயற்பியல் சங்கத்தின் முன் வைத்தார். பார்வைக்கு அது மிகச் சிறிய மாற்றமே. கீழே நின்ற eˣ என்பதிலிருந்து ஒன்றைக் கழித்தார். x⁵/(eˣ − 1) என்று ஆயிற்று. அளவைகள் யாவும் பொருந்தின. ஆயின் அந்த ஒன்று, கணக்கின் தன்மையையே மாற்றிவிட்டது. இப்போது உச்சியைத் தேடினால் கிடைப்பது இது:

(1 − x/5) eˣ = 1

இங்கே x ஓரிடத்தில் தரையில் நிற்கிறது. மற்றோரிடத்தில் அடுக்கின் மேல் ஏறி நிற்கிறது. மேலே இருப்பதை இறக்க மடக்கை எடுத்தால், கீழே இருப்பது மடக்கைக்குள் புகுந்துகொள்கிறது. இரண்டையும் ஒருசேர ஒரு தளத்துக்குக் கொண்டுவர வழியில்லை. பிளாங்க் 1901இல் வெளியிட்ட கட்டுரையில் இதனை "இயற்கணிதத்தைக் கடந்த" சமன்பாடு என்ற பொருள்படும் சொல்லாலேயே குறிக்கிறார்.

இது கணக்கிடுவோரின் திறமைக் குறைவு அன்று. பூச்சியம் அல்லாத எந்த இயற்கணித எண்ணை e-யின் அடுக்காக வைத்தாலும், வரும் விடை இயற்கணித எண்ணாக இராது என்று 1882இல் லிண்டமன் மெய்ப்பித்திருந்தார். (முழு எண்களைக் கெழுக்களாகக் கொண்ட பல்லுறுப்புச் சமன்பாடு ஒன்றின் மூலமாக அமையும் எண்ணே இயற்கணித எண்.) மேற்கண்ட x அத்தகைய எண் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்க. அப்போது eˣ என்பது 1/(1 − x/5) ஆகிவிடும். அதுவும் இயற்கணித எண்ணே. லிண்டமன் கூற்றுக்கு இது முரண். ஆகவே கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், மூலம் காணல் ஆகியவற்றால் முழு எண்களிலிருந்து இந்த x-ஐ ஒருநாளும் எட்ட முடியாது. எட்டாததை நெருங்கலாம், அதுவே எஞ்சிய வழி.

பிளாங்க் எவ்வாறு நெருங்கினார் என்று கட்டுரையில் விரித்து எழுதவில்லை. விடையை மட்டும் தருகிறார். எளிய வழி ஒன்று உண்டு. சமன்பாட்டைச் சற்றே மாற்றி x = 5 − 5e⁻ˣ என்று எழுதுக. வீனின் விடையாகிய 5-ஐ வலப்புறத்தில் இடுக. 5e⁻⁵ என்பது 0.03369, ஆகவே புதிய x, 4.96631. அதனை மீண்டும் வலப்புறத்தில் இட்டால் 4.96516. மறுமுறை 4.96512. அதன்பின் 4.96511, இனி ஐந்தாம் தசமத்தில் அசைவில்லை. ஒவ்வொரு முறையும் பிழை ஏறத்தாழ 29இல் ஒரு பங்காகச் சுருங்குவதைக் காணலாம். மடக்கை அட்டவணை கையில் இருந்தால் கால்மணி நேர வேலை.

ஆனால் இதே சமன்பாட்டை மற்றொரு வகையாகவும் திருப்பலாம்: x = −log(1 − x/5), மடக்கை இயல் மடக்கை. இயற்கணிதத்தின்படி இரண்டும் ஒன்றே. செய்து பார்த்தால் நிலைமை வேறு. 4.96இல் தொடங்கினால் 4.83, 3.37, 1.12, 0.25 என்று சரிந்து பூச்சியத்தை நோக்கி ஓடுகிறது. 4.97இல் தொடங்கினால் 5.12 என்று வந்து, அடுத்த படியிலேயே குறை எண்ணுக்கு மடக்கை கேட்டு நின்றுவிடுகிறது. முன் வழியில் 29இல் ஒரு பங்காகச் சுருங்கிய பிழை, இவ்வழியில் விடையருகே ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய 29 மடங்காகப் பெருகுகிறது. தொடங்கிய இடம் விடைக்கு மிக அருகில் இருந்தும் பயனில்லை. பூச்சியமும் சமன்பாட்டுக்குப் பொருந்தும் விடைதான். எனினும் அது எல்லையற்ற நீளமுடைய அலையைக் குறிப்பதால் ஆற்றலின் உச்சியாகாது. கணக்கு நின்ற இடமெல்லாம் வேண்டிய விடை என்று கொள்ளலாகாது என்பதற்கு இது நல்ல சான்று.

கிடைத்த எண் சரிதானா என்று அறிவதும் எளிது. x + 5e⁻ˣ − 5 என்பதில் 4.9651-ஐ இட்டால் மிகச் சிறிய குறை எண் வருகிறது, 4.9652-ஐ இட்டால் மிகை எண் வருகிறது. குறி மாறுவதால், உண்மையான x இவ்விரண்டுக்கும் இடையில்தான் இருந்தாக வேண்டும்.

இந்த நான்கு தசமத்துக்கு இத்தனை கவனம் ஏன் என்று கேட்கலாம். பிளாங்க் தம் சூத்திரத்திலிருந்து h, k என்னும் இரு இயற்கை மாறிலிகளைக் கணித்தார். 4.9651-ஐ 0.294ஆல் பெருக்கி ஒளியின் வேகத்தால் வகுத்து, h/k என்னும் விகிதம் 4.866 × 10⁻¹¹ என்று கண்டார். மொத்த வெப்பக்கதிர்வீச்சைக் குர்ல்பாம் அளந்த அளவிலிருந்து k⁴/h³ கிடைத்தது. இரண்டையும் இணைத்தால் h = 6.55 × 10⁻²⁷ எர்க்-வினாடி. இவ்வாறு இணைக்கும்போது h அந்த விகிதத்தின் நான்காம் அடுக்காக வளர்கிறது. x-க்கு 5 என்றே வைத்திருந்தால் அதில் உள்ள பிழை நூற்றுக்கு 0.7 மட்டுமே; h-இலோ அது நூற்றுக்கு 2.8 ஆகி, 6.74 என்று வந்திருக்கும்.

இன்று h-இன் மதிப்பு 6.626 × 10⁻²⁷ ஆகும். பிளாங்கின் எண் நூற்றுக்கு ஒன்று அளவில் குறைந்தது, அவர் சமன்பாட்டைத் தீர்த்ததில் நேர்ந்த குறையன்று. அவருக்குக் கிடைத்த அளவைகளின் குறை. 0.294 என்று அளந்தது உண்மையில் 0.2898.

1996இல் கார்லஸ், கோனெட், ஹேர், ஜெப்ரி, நூத் ஆகிய ஐவர், இத்தகைய சமன்பாடுகளுக்கென்று ஒரு சார்பை விரித்து ஆராய்ந்து எழுதினர். லாம்பர்ட் 1758இல் எழுதியதை நினைந்து அதற்கு 'லாம்பர்ட் W' என்று பெயர். w eʷ = y என்றால் w = W(y); அவ்வளவே. அதன்படி x = 5 + W(−5e⁻⁵) என்று எழுதிவிடலாம். இந்தச் சார்புக்கு இங்கே இரு கிளைகள் உண்டு. ஒரு கிளை 4.96511 தரும், மற்றது பூச்சியம் தரும். எழுதுவதற்கு அழகாக இருப்பினும், W-க்குள் இருப்பதன் மதிப்பு வேண்டுமெனில் கணிப்பொறியும் படிப்படியாக நெருங்கியே காண்கிறது. 2019 முதல் h, k இரண்டும் அளந்து காண்பவை அல்ல, வரையறுத்து நிறுத்தப்பட்டவை. ஆகையால் வீனின் 0.28978 கூட இப்போது உலையருகே அளக்கப்படுவதில்லை. h, k, ஒளிவேகம், 4.96511 ஆகிய நான்கிலிருந்தும் கணக்கிடப்படுகிறது.