நடுக்கோட்டின் நிறம்: சுவீடன், நோர்வே, பின்லாந்து

சாலைப் படம் ஒன்றைக் கொண்டு நாட்டைக் கண்டறிய முயல்வோர் முதலில் பார்ப்பது நடுக்கோட்டின் நிறத்தை. ஆனால் படம் எடுக்கப்பட்ட காலம் தெரியாவிட்டால் அந்த நிறமே ஏமாற்றிவிடும். இதற்குச் சுவீடன் நல்ல சான்று.

சுவீடனில் 1967 செப்டம்பர் 3 வரை வண்டிகள் இடப்பக்கம் ஓடின. சாலைக்கோடுகள் மஞ்சளாக இருந்தன. வலப்பக்க முறைக்காகப் புதிய கோடுகளை வெள்ளையில் முன்கூட்டியே வரைந்து, அந்த நாள் வரை கறுப்பு நாடா ஒட்டி மறைத்து வைத்தனர். அண்டை நாடான நோர்வேயிலோ எதிரெதிர்ப் போக்குவரத்தைப் பிரிக்கும் கோடு இன்றும் மஞ்சள்தான். ஆகவே மஞ்சள் நடுக்கோடும் இடப்பக்கம் ஓடும் கார்களும் கொண்ட பழைய படம் சுவீடனுடையதாக இருக்கலாம், நோர்வேயுடையது அன்று.

பின்லாந்தில் இரு நிறங்களும் சேர்ந்திருந்தன. விட்டுவிட்டு வரும் வெள்ளை நடுக்கோட்டை ஒட்டி, முந்திச் செல்லக் கூடாத இடங்களில் தொடர் மஞ்சள் கோடு இருக்கும். 2020 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த சாலைப் போக்குவரத்துச் சட்டம் அதையும் வெள்ளையாக்கியது. பழைய கோடுகள் படிப்படியாகவே மாற்றப்பட்டன. எல்லாமே வெள்ளையாக உள்ள புதிய படத்தில் ஓரக்கோட்டைப் பார்க்க வேண்டும்: சுவீடனின் சாதாரணச் சாலைகளில் அது பெரும்பாலும் விட்டுவிட்டு இருக்கும், பின்லாந்தில் தொடர்ந்து செல்லும்.