திருப்பூர்க் கணக்கேட்டில் குட்வில்: கூட்டாளி பிரிவினை முதல் மதிப்பிழப்புச் சோதனை வரை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கூட்டாளிகள் பிரியும்போது, பவர் டேபிளும் ஓவர்லாக் மெஷினும் ஒவ்வொன்றாக எண்ணப்படும். துணி இருப்பை எடை போடுவார்கள். பையர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கியைப் பட்டியலிடுவார்கள். எல்லாம் முடிந்தபின் பில் இல்லாத ஒரு தொகை மீதம் நிற்கும். கம்பெனிப் பெயர் யாருக்கு, பையர் யாருக்கு என்ற கேள்விக்கான விலை அது. ஆடிட்டர் அதைக் 'குட்வில்' என்று எழுதுவார். பள்ளிப் பாடநூல் 'நற்பெயர்' என்கிறது. கூட்டாளி பெரும்பாலும் பங்காளியாகவோ மச்சானாகவோ இருப்பதால், அந்தத் தொகையைப் பேசி முடிக்கத்தான் அதிக நாள் ஆகும்.

இந்தத் தொகையை நம் சட்டம் நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. தொழில் செய்ய விடாமல் ஒருவரைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லும் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, ஒரே ஒரு விலக்கு தருகிறது: குட்வில்லை விற்றவர் குறிப்பிட்ட எல்லைக்குள் அதே தொழிலைச் செய்வதில்லை என்று ஒப்புக்கொள்ளலாம். 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டம் குட்வில்லைக் கூட்டு நிறுவனத்தின் சொத்தாகவே எண்ணுகிறது. அதற்கும் முன்பே, 1810-இல், பழைய வாடிக்கையாளர் பழைய இடத்துக்கே திரும்பி வரும் வாய்ப்புதான் குட்வில் என்று இங்கிலாந்தின் எல்டன் பிரபு விளக்கியிருந்தார். பையர் திரும்பி வருவாரா என்பதுதானே திருப்பூரின் கேள்வியும்.

மதிப்பிடும் முறை எளிமையானது. கடந்த சில ஆண்டுகளின் சராசரி லாபத்தை எடுத்து, 'இரண்டு ஆண்டுக் கொள்முதல்' அல்லது 'மூன்று ஆண்டுக் கொள்முதல்' என்று பெருக்குவார்கள். சாதாரணமாகக் கிடைக்க வேண்டிய லாபத்தைக் கழித்து, மிஞ்சும் உயர் லாபத்தை மட்டும் பெருக்குவதும் உண்டு. ஒருவர் விலகும்போது இது கூட்டாளிகளின் முதல் கணக்குகளுக்குள் சரிக்கட்டப்படும். அதன்பின் ஏட்டில் அதற்கு இடமில்லை. ஒரு தொழில் தானே வளர்த்த நற்பெயரைச் சொத்தாக எழுதக் கூடாது என்பது விதி.

திருப்பூர் வளர்ந்த விதத்தை நினைத்தால் இந்த விதியின் விளைவு புரியும். ஏற்றுமதி 1970-களின் பிற்பகுதியில் தலையெடுத்தது. 1990-இல் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானது. 2005 ஜனவரி 1 முதல் உலக ஜவுளி வணிகத்தில் கோட்டா முறை ஒழிந்தது. இந்த ஆண்டுகளில் பெரும்பாலோர் இன்னொரு கம்பெனியை வாங்கிப் பெருகவில்லை. ஜாப் ஒர்க் கொடுத்தும், ஒரு ஷெட்டோடு இன்னொரு ஷெட் கட்டியும் பெருகினார்கள். பையரின் நம்பிக்கை, குறித்த நாளில் சரக்கு கப்பலேறும் என்ற பேர், கட்டிங் மாஸ்டரின் கை எல்லாம் உள்ளேயே விளைந்தவை. அதனால் ஊரின் மிகப் பெரிய சொத்து எந்த ஐந்தொகையிலும் ஏறவில்லை.

அது ஏட்டில் ஏறும் ஒரே வழி கையகப்படுத்தல். திருப்பூர் மாவட்டம் அவிநாசியைத் தலைமையிடமாகக் கொண்ட எஸ்.பி. அப்பாரல்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1989-இல் கூட்டு நிறுவனமாகத் தொடங்கி, 2005-இல் கம்பெனியாகி, 2016 ஆகஸ்டில் பங்குச் சந்தைக்கு வந்தது. குழந்தைகளுக்கான பின்னலாடையை முக்கியமாக பிரிட்டனுக்கு அனுப்பி வளர்ந்த இந்நிறுவனம், 2024-இல் உள்ளாடை தயாரிக்கும் யங் பிராண்ட் அப்பாரலை வாங்கியது. அந்த நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கு அதுவரை கோயம்புத்தூரின் பண்ணாரி அம்மன் ஸ்பின்னிங் மில்ஸ் வசம் இருந்தது. பெரியவர்களுக்கான உள்ளாடை என்ற புதிய சரக்கும் அமெரிக்கச் சந்தையும் வாங்குபவருக்குக் கிடைத்தன. இத்தகைய கொள்முதலில் மெஷினையும் கட்டடத்தையும் தாண்டிக் கொடுக்கும் விலைதான் ஐந்தொகையில் குட்வில்லாக நிற்கும்.

அப்படி நிற்கும் தொகையை என்ன செய்வது என்பதில் கணக்கியல் உலகம் பலமுறை மனம் மாறியிருக்கிறது. அமெரிக்காவில் 1970 விதிப்படி அதிகபட்சம் 40 ஆண்டுகளில் சிறிது சிறிதாகச் செலவெழுத வேண்டியிருந்தது. 2001-இல் அந்தத் தவணையை நிறுத்திவிட்டு, மதிப்பு குறைந்ததா என்று சோதித்தால் போதும் என்றார்கள். 2004-இல் சர்வதேசத் தரநிலையும் அவ்வழியே சென்றது. இந்தியாவில் இணைப்புகளுக்கான பழைய தரநிலை 14, பொதுவாக ஐந்தாண்டுக்குள் எழுதித் தீர்க்கச் சொன்னது. 2016 ஏப்ரலில் பெரிய கம்பெனிகளுக்கும், அடுத்த ஆண்டு மற்ற பட்டியலிட்ட கம்பெனிகளுக்கும் இந்திய கணக்கியல் தரநிலைகள் 103, 36 ஆகியவை வந்தபின் தவணை போய் ஆண்டுச் சோதனை வந்தது. வருமான வரியில் கதை வேறு: 2012-இல் ஸ்மிஃப்ஸ் செக்யூரிட்டீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் குட்வில்லுக்குத் தேய்மானம் உண்டு என்றது, 2021 நிதிச் சட்டம் அதை எடுத்துவிட்டது.

தவணை முறையில் தவறான கொள்முதலும் சத்தமில்லாமல் கரைந்துவிடும். சோதனை முறையில் அது ஒரே நாளில் வெடிக்கும். வெடிப்பது எப்படி என்று ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம்.

கடனில்லாத ஓர் உள்ளாடைத் தொழிற்சாலையை ஒருவர் 200 கோடிக்கு வாங்குகிறார். ஆண்டுக்கு 24 கோடி ரொக்கம் வரும், அது 4 சதவீதம் வளரும், போட்ட பணத்துக்கு 16 சதவீதம் வேண்டும் என்பது அவர் கணக்கு. 16-இலிருந்து 4-ஐக் கழித்தால் 12. 24 கோடியை 12 சதவீதத்தால் வகுத்தால் 200 கோடி. இந்த 200 கோடியில் நிலம், கட்டடம், மெஷின், சரக்கு எல்லாம் சேர்த்து நியாய மதிப்பு 110 கோடி. பையர்களுடனான தொடர்பைத் தனிச் சொத்தாக மதிப்பிட்டால் 30 கோடி. இது ஐந்தாண்டில் செலவெழுதப்படும். மீதி 60 கோடி குட்வில். (வரிச் சரிக்கட்டலை இங்கே விட்டுவிடுகிறேன்.)

இரண்டு ஆண்டு கழித்து, ஏட்டில் மற்ற சொத்து 105, பையர் தொடர்பு 18, குட்வில் 60, ஆக 183 கோடி. ரொக்கம் 24 வரவில்லை. 22 கோடிதான் வருகிறது. 22-ஐ 12 சதவீதத்தால் வகுத்தால் 183 கோடியே சொச்சம். நூலிழையில் தேர்ச்சி. ஆனால் நிர்வாகம் 16-க்குப் பதில் 17 சதவீதம் என்று எடுத்திருந்தால் மதிப்பு 169 கோடியாகி, 14 கோடி குறைத்தெழுத வேண்டியிருக்கும். வளர்ச்சி 4-க்குப் பதில் 3 என்றாலும் அதே 14 கோடிதான். ஒரு பெரிய பையர் போய் ரொக்கம் 18 கோடியானால் மதிப்பு 150. குறைப்பு 33 கோடி, முழுக்கக் குட்வில்லிலிருந்து. தொழிற்சாலையில் ஒரு ஊசிகூட மாறாமல், ஒரு சதவீதத்தை எப்படி எடுக்கிறோம் என்பதே லாப நட்டத்தைத் தீர்மானிக்கிறது. ஆண்டறிக்கையின் குறிப்புகளில் தள்ளுபடி விகிதத்தையும் வளர்ச்சி விகிதத்தையும் தேடச் சொல்வது இதனால்தான்.

குறைப்பு வராததும் ஒரு செய்தியாக இருக்கலாம். இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். சோதனை தொழிற்சாலைக்கு நடப்பதில்லை; ரொக்கம் ஈட்டும் அலகுக்கு, அல்லது அலகுகளின் தொகுதிக்கு நடக்கும். வாங்கியவர் தம் பழைய பிரிவோடு இதைச் சேர்த்துவிட்டார் என்று வைப்போம். பழைய பிரிவு ஏட்டில் 300 கோடி. உண்மையில் 450 கோடி பெறும். அந்த 150 கோடி உபரி, முப்பது ஆண்டு சம்பாதித்த, ஏட்டில் ஏறாத நற்பெயர். இப்போது ஏட்டில் 483, மதிப்பு 600. புதிய தொழிற்சாலை 33 கோடி இழந்தது எங்கும் தெரியாது. பழைய பேர் புதிய தவற்றை மூடிவிடும். தரநிலை இதற்கு ஓர் எல்லை போடுகிறது: நிர்வாகம் குட்வில்லைக் கண்காணிக்கும் மிகக் கீழான மட்டத்தில் சோதிக்க வேண்டும், அது ஓர் இயக்கப் பிரிவைத் தாண்டக் கூடாது. ஆனால் பனியன் தொழிலில் ஒரே பிரிவுக்குள்ளேயே பல தொழிற்சாலைகள் அடங்கிவிடும். இந்தக் கேடயத்தை உணர்ந்த சர்வதேச வாரியமும் 2024 மார்ச்சில் வெளியிட்ட வரைவில், முக்கியக் கையகப்படுத்தல்கள் நினைத்த இலக்கை எட்டினவா என்று கம்பெனிகள் சொல்லவேண்டும் என முன்மொழிந்தது.

குறைத்தெழுதப்பட்ட நாளில் ரொக்கம் எதுவும் வெளியே போவதில்லை; பணம் வாங்கிய அன்றே போய்விட்டது. ஆகவே அந்த நட்டம் இந்த ஆண்டுக்கு உரியதன்று, கொள்முதல் முடிவுக்கு உரியது. 2007-இல் டாடா ஸ்டீல், கோரஸை வாங்கியது. 2013 மே மாதத்தில்தான் சுமார் 160 கோடி டாலர் அளவுக்குக் குட்வில்லையும் சொத்துகளையும் குறைத்தெழுதியது. ஐரோப்பிய எஃகுத் தேவை சரிந்ததைச் சந்தை அதற்குமுன்பே அறிந்திருந்தது. ஏடு பிந்தி வந்து ஒப்புக்கொண்டது. இந்தப் பிந்தலிலிருந்து இரண்டு எச்சரிக்கைகள் கிடைக்கின்றன. குறைத்தெழுதியபின் சொத்துத் தொகை சிறுத்துவிடுவதால் அடுத்த ஆண்டு முதலீட்டின் மீதான வருவாய்ச் சதவீதம் அழகாகத் தெரியும். அதை நம்பக் கூடாது. புதிய தலைமை வந்தவுடன் பெருந்தொகை குறைக்கப்பட்டால், பழைய பிழையையும் வருங்காலப் பாரத்தையும் ஒன்றாகத் தலைமுழுகுகிறார்களா என்று பார்க்க வேண்டும்.

திருப்பூரில் அடையாளம் வேறு இடத்தில் முதலில் தெரியும். 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, அது கணக்கேட்டுக்கு வெளியே நடந்த நிகழ்வு. ஆனால் சாயம் கிடைக்காமல் எத்தனையோ கம்பெனிகளின் ஆர்டர் சிக்கியது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்திய ஆடைகள் மீது அமெரிக்கா விதித்த மொத்தக் கூடுதல் வரி 50 சதவீதமானபோதும், பையர் தள்ளுபடி கேட்பதும் ஆர்டர் தள்ளிப்போவதும் எந்த ஐந்தொகைக்கும் முன்னால் வந்துவிட்டன. இத்தகைய வெளி அடையாளம் தெரிந்தால் ஆண்டு முடியக் காத்திராமல் உடனே சோதிக்க வேண்டும் என்பது தரநிலை 36. சோதித்தும் குறைப்பு வரவில்லை என்றால், எந்த அலகைச் சோதித்தீர்கள், மீட்கத்தக்க தொகை ஏட்டுத் தொகையைவிட எவ்வளவு கூடுதல், முதல் மூன்று பையர்களின் பங்கு என்ன என்று பங்குதாரர் ஆண்டுக் கூட்டத்தில் கேட்கலாம்.

ஒரு விதியையும் முதலீட்டாளர் நினைவில் வைக்க வேண்டும். வரி தணிந்து, போன பையர் திரும்பி வந்து, லாபம் பழைய நிலைக்கே ஏறினால், மெஷினின் மதிப்பைத் திரும்பக் கூட்டி எழுதலாம். ஆனால் ஒருமுறை குறைத்தெழுதிய குட்வில்லைக் கூட்டி எழுத முடியாது.