சக மாணவர் கருத்து: எட்டு வயதினரின் ஓவியமும் எழுத்தும்

சக மாணவர் கருத்து என்பது ஒரு குழந்தை வரைந்த படத்தையோ எழுதிய பத்தியையோ அதே வகுப்பின் இன்னொரு குழந்தை பார்த்து, அடுத்த முயற்சிக்குப் பயன்படும்படி ஒன்றைச் சொல்வதைக் குறிக்கும். மூன்றாம் வகுப்பில், அதாவது ஏறத்தாழ எட்டு வயதில், இதைப் பழக்குவதற்கு நல்ல காரணம் உண்டு. இந்த வயதுக் குழந்தை தான் வரைந்ததையும் எதிரே இருக்கும் பொருளையும் மாறி மாறிப் பார்த்து வேறுபாட்டைச் சொல்லக்கூடியது. அதே சமயம், தோழியின் ஒரு சொல்லால் தாளைக் கசக்கி எறியவும் கூடியது. அதனால் பல ஆசிரியர்கள் முதலில் கனிவான சொற்களைக் கற்றுத்தரத் தொடங்குகிறார்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். இருவருக்கும் நடுவில் ஒரு மாதிரியை வைத்து, பார்க்க வேண்டியதை ஒன்றாகக் குறுக்கிவிட்டால், கருத்தில் பயனும் கனிவும் சேர்ந்தே வரும். மாதிரி இல்லாத இடத்தில் எவ்வளவு இனிமையாகப் பேசப் பழக்கினாலும் ‘நல்லா இருக்கு’ என்பதற்கு மேல் எதுவும் கிடைக்காது.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் வைத்து இதை ஆராய்வது பொருத்தமானது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் குழந்தைகள் ஒருவருக்கொருவர் கற்பிக்கும் ஏற்பாட்டின் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது. 1990களில் வேலூர் மாவட்டத்தில் கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைத் தொழிலாளர்களுக்கெனச் சிறப்புப் பள்ளிகள் நடந்தன. வயதும் படிப்பும் பொருந்தாத அந்தக் குழந்தைகளை வரிசையாக உட்காரவைத்து ஒரே பாடத்தை நடத்த முடியவில்லை. அப்போது மாவட்டப் பொறுப்பில் இருந்த எம்.பி. விஜயகுமார் பின்னர் சென்னை மாநகராட்சி ஆணையரானார். ஆந்திரத்தில் மதனப்பள்ளி அருகிலுள்ள ரிஷி வேலி கிராமப் பள்ளிகளின் முறையைத் தழுவி, அவர் முயற்சியால் 2003இல் சென்னையின் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08 கல்வியாண்டில் அது மாநிலம் முழுவதும் பரவியது.

செயல்வழிக் கற்றல் வகுப்பறையின் அமைப்பில் மூன்று கூறுகள் நம் பொருளுக்கு வேண்டியவை. சுவரின் அடிப்பகுதியில் குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் ஓடும் கரும்பலகையில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. தலைக்கு மேல் கட்டிய கம்பிப் பந்தலில் குழந்தைகள் செய்த படங்களும் காகித வேலைகளும் தொங்கும். குழுக்களில் ஆசிரியர் துணையோடு கற்கும் குழுவைப் போலவே சக மாணவர் துணையோடு கற்கும் குழுவும் இருந்தது. ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்ப்பதற்கான இடம் இப்படி ஏற்கெனவே கிடைத்துவிட்டது. ஆனால் கம்பிப் பந்தலுக்குப் போவது முடிந்த படம். அதைப் பார்த்து யாராவது எதையாவது சொன்னாலும், திரும்ப வரைய வாய்ப்பில்லை. திருத்தி வரைய இரண்டாவது தாள் கிடைக்காத இடத்தில் சொல்லப்படும் எந்தக் கருத்தும் தீர்ப்பாகத்தான் காதில் விழும். ஆகவே முதல் மாற்றம் தாளில் தொடங்க வேண்டும்: முதல் வரைவைப் பந்தலுக்கு அனுப்பாமல், தேதியிட்டு, இரண்டாவது வரைவோடு சேர்த்து வைக்க வேண்டும்.

கருத்துச் சொல்வது எப்போதும் நன்மை தரும் என்று நம்பிவிடக் கூடாது. அவ்ரஹாம் க்ளூகர், ஏஞ்சலோ டெனிசி ஆகிய இருவரும் 1996இல் பழைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நேர்வுகளில் கருத்துப் பெற்றவர்களின் செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையிலிருந்து விலகி ஆளின் மேல் திரும்பும்போது பலன் கெடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வும் இதே பக்கம்தான் காட்டுகிறது. வேலையைப் பற்றிய குறிப்பு மட்டும் பெற்ற பள்ளிக் குழந்தைகள் ஆர்வத்தோடு முன்னேறினார்கள். மதிப்பெண்ணோடு குறிப்பையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. ‘சூப்பர்’, ‘கேவலம்’, மூன்று நட்சத்திரம் எல்லாமே ஆளை அளக்கின்றன. ‘நீ நல்லா வரையற’ என்ற பாராட்டும் இதில்தான் சேரும். அடுத்த படம் சரியாக வராதபோது அதே அளவுகோல் குழந்தைக்கு எதிராகத் திரும்பிவிடும்.

கவனத்தை வேலையின் மேல் நிறுத்துவது மாதிரி. ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்ப்போரின் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது கடினமல்ல. செக்கிங் மேசையில் ஒப்புதல் பெற்ற சாம்பிள் ஜோடி இருக்கும். தையல் விலகிய இடத்தில் சிறு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். சாம்பிள் இல்லாவிட்டால் அந்த அம்பு பார்ப்பவரின் விருப்பு வெறுப்பாகிவிடும். கற்றலிலும் அப்படித்தான் என்று ராய்ஸ் சாட்லர் 1989இல் எழுதினார். எட்ட வேண்டிய தரம் எது, என் வேலை அதிலிருந்து எங்கே விலகுகிறது, இடைவெளியை எப்படி மூடுவது என்ற மூன்றும் கற்பவருக்கே தெரிந்தாக வேண்டும் என்றார். அமெரிக்க ஆசிரியர் ரான் பெர்கர் பரப்பிய ‘ஆஸ்டினின் பட்டாம்பூச்சி’ இதற்குக் கண்ணால் காணும் சான்று. முதல் வகுப்புச் சிறுவன் ஒருவன் புகைப்படத்தைப் பார்த்து ஒரு பட்டாம்பூச்சியை வரைந்தான். வகுப்புத் தோழர்கள் முதலில் சிறகின் உருவத்தைப் பற்றி மட்டும் சொன்னார்கள். உருவம் சரியான பிறகே சிறகின் கோலத்துக்கு வந்தார்கள். பல வரைவுகள் கடந்து அறிவியல் படம் போன்ற ஒன்று உருவானது. கனிவாக, குறிப்பாக, உதவும்படி சொல் என்பது பெர்கரின் விதி. அதைச் சுவரில் எழுதி ஒட்டும் பள்ளிகள் பலவும் மேசை மேல் இருந்த புகைப்படத்தை மறந்துவிடுகின்றன.

இதை நம் வகுப்பில் செய்ய வேப்பிலை போதும். குழந்தைகளை இருவர் இருவராக உட்காரவைத்து, ஒவ்வொரு இரட்டையருக்கும் ஓர் இணுக்கு. குழந்தைகள் முதலில் வரைவது பெரும்பாலும் மனதில் உள்ள பொது இலையைத்தான்: நடுவில் கோடு, இருபுறமும் வழவழப்பான, சமமான நீள்வட்டங்கள். இப்போது ஆசிரியர் தான் வரைந்த அத்தகைய படத்தைக் கரும்பலகையில் போட்டு, ‘சிற்றிலையின் உருவத்தை மட்டும் பாருங்கள், எங்கே மாறியிருக்கு?’ என்று கேட்கிறார். ஆசிரியரின் படத்தில் தவறு சொல்வது யாரையும் புண்படுத்தாது. சொல்லும் முறையும் பழகிவிடும். விரலை முதலில் இலையில் வை, பிறகு படத்தில் வை, அதன் பிறகு பேசு. ‘இதுல இலை ஒரு பக்கமா வளைஞ்சிருக்கு, நீ நேரா போட்டிருக்க’ என்ற கருத்தில் காயப்படுத்த இடமில்லை. அது பொய்யா மெய்யா என்று வரைந்தவளே பார்த்துக்கொள்ளலாம். பிறகு இரட்டையர் ஆளுக்கு ஒரு கருத்து சொல்கிறார்கள், ஒன்றே ஒன்று. உடனே இரண்டாவது வரைவு. அடுத்த நாள் விளிம்பின் ரம்பப்பல் மட்டும். நுனியில் ஒற்றைச் சிற்றிலை சில இணுக்குகளில் இருக்கும், பலவற்றில் இராது. எனவே ‘வேப்பிலைன்னா இப்படித்தான்’ என்று எவரும் அடித்துச் சொல்ல முடியாது. கையில் உள்ளதைப் பார்த்தே ஆக வேண்டும்.

எழுத்தில் சிக்கல் கூடுதல். தோழியின் பத்தியைக் கையில் கொடுத்தால் எட்டு வயதுக் குழந்தை முதலில் பிடிப்பது ஒற்றுப்பிழையையும் கொம்பு விட்டுப்போனதையும்தான். எழுதியதன் பொருள் கண்ணில் படுவதே இல்லை. ஒப்பிட வேப்பிலை போல ஒரு பொருள் எழுத்துக்கு இல்லாததால் இப்படி ஆகிறது. அதை உண்டாக்க ஒரு வழி, செய்முறையை எழுதச் சொல்வது. ‘காகிதக் கப்பல் செய்வது எப்படி’ என்று ஒருவர் எழுத, மற்றவர் எழுதியதை மட்டும் பின்பற்றித் தாளை மடிக்கிறார். ‘தாளை மடி. மறுபடி மடி. மூலையை மடி’ என்று இருந்தால் கப்பல் வராது. மடிப்பவர் நின்றுபோகும் இடமே மாதிரிக்கும் வரைவுக்கும் உள்ள இடைவெளி: ‘ரெண்டாவது தடவை எந்தப் பக்கமா மடிக்கணும்னு தெரியல.’ எழுதியவர் உடனே வாயால் சொல்லிக்கொடுக்கத் துடிப்பார். அங்கே ஆசிரியர் தடுத்து, சொல்ல வந்ததைத் தாளில் எழுதச் சொல்ல வேண்டும். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகக் கற்கிறார்கள். சரளமாகப் படிக்காத அரும்புக் குழந்தையும் இந்தப் பயிற்சியில் முழு உரிமையோடு கருத்துச் சொல்ல முடியும். எழுதியவர் வரிவரியாகப் படித்துக்காட்ட, இவர் மடித்தால் போதும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம், தெரியாதவர் தெரியாதவருக்கு என்ன சொல்லிவிட முடியும் என்பது. நியூசிலாந்தில் குழந்தைகளின் உடையில் ஒலிவாங்கி பொருத்தி வகுப்புப் பேச்சை ஆராய்ந்த கிரஹாம் நட்டால், குழந்தைக்குக் கிடைக்கும் கருத்துகளில் பெரும்பகுதி சக மாணவர்களிடமிருந்தே வருகிறது, அதிலும் பெரும்பகுதி தவறானது என்று கண்டார். இதை மறுக்க வழியில்லை. ஆனால் அந்தக் கண்டுபிடிப்பின் முதல் பாதி, ஆசிரியர் அனுமதித்தாலும் இல்லாவிட்டாலும் குழந்தைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள் என்பதையும் காட்டுகிறது. செய்யக்கூடியது, கண்ணாலோ கையாலோ அங்கேயே சரிபார்க்க முடிந்தவற்றுக்கு மட்டும் கருத்தை வரையறுப்பது. இலக்கணமும் கணக்கு விடையும் ஆசிரியரிடமே இருக்கட்டும்.

மாதிரியைப் பார்த்து வரைவது கற்பனையைக் கொல்லும் என்ற கவலையும் நியாயமானது. இந்த முறையின் எல்லை அங்கேதான். கனவையோ பேயையோ திருவிழாவையோ நினைத்து வரைந்த படத்துக்கு வெளியே மாதிரி கிடையாது. வரைந்தவரின் எண்ணமே மாதிரி. அங்கே தோழர் திருத்தம் சொல்லக் கூடாது. ‘இதுல யார் ஓடுறாங்க? ஏன்?’ என்று கேட்கலாம். வரைந்தவர் சொல்ல நினைத்தது அடுத்தவருக்குப் போய்ச் சேரவில்லை என்றால், மாற்றுவதா வேண்டாமா என்பது வரைந்தவர் முடிவு. கற்பனைப் படத்தில் ‘யானைக்குப் பச்சை அடிக்காத’ என்ற பேச்சு கேட்டால், இலைப் பாடத்தின் விதி தவறான இடத்துக்குத் தாவிவிட்டது என்று ஆசிரியர் அறியலாம்.

இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொரு சிக்கல் மொழி. வீட்டில் உருதுவோ தெலுங்கோ பேசிவிட்டுத் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் வகுப்புகளில் உண்டு. கருத்தைத் தமிழில் மட்டுமே சொல்ல வேண்டுமென்றால் அவர்கள் ‘நல்லா இருக்கு’ என்பதற்குள் ஒதுங்கிவிடுவார்கள். விரல் முதலில், பேச்சு பிறகு என்ற விதி அவர்களுக்குத்தான் அதிகம் கைகொடுக்கிறது. சுட்டிக்காட்டியதை எந்த மொழியில் சொன்னாலும் கூட இருப்பவர் புரிந்துகொள்வார். இரட்டையரை மாதம்தோறும் மாற்றுவதும் தேவை. வகுப்பில் முதலிடம் பெறுபவரின் சொல்லும், தெருவிலும் சாதியிலும் மேலே வைக்கப்பட்டவர் வீட்டுப் பிள்ளையின் சொல்லும் மாதிரியைவிட எடை கூடிவிடும் அபாயம் உண்டு.

இது நடக்கிறதா என்பதை வகுப்பின் அமைதியையோ குழந்தைகளின் மரியாதைச் சொற்களையோ வைத்து முடிவு செய்ய முடியாது. சேர்த்து வைத்த இரண்டு வரைவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தோழர் விரல் வைத்த இடத்தில் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது வரைவு வெறுமனே சுத்தமாகவும் வண்ணம் கூடியும் இருந்தால், கருத்து சென்று சேரவில்லை, குழந்தை ஆசிரியரை மகிழ்விக்க முயன்றிருக்கிறது. பல தாள்களில் ஒரே மாதிரித் திருத்தம் இருந்தால், யாரோ ஒருவரின் படத்தைப் பார்த்து எல்லோரும் வரைந்திருக்கிறார்கள். அப்போது அடுத்த வாரம் ஒவ்வொரு இரட்டையருக்கும் வேறு வேறு மரத்தின் இலையைக் கொடுக்கலாம்.