கோலா கங்சாரில் டெலிவரி ரைடரா? மதியம் ரெண்டு மணிக்கு மோட்டாரை நிறுத்துங்க

காலையில் செயலியை ஆன் பண்ணினால் ராத்திரி பத்து மணி வரைக்கும் ரோட்டிலேயே இருக்கணும், அப்போதான் காசு சேரும். உணவு டெலிவரி செய்யும் பலரும் இப்படித்தான் நினைக்கிறாங்க. கோலா கங்சார் மாதிரி சின்ன ஊரில் இந்தக் கணக்கு சரியா வருமா? ஒரு நாளைப் பிரிச்சுப் பார்த்தால் பதில் தெரிஞ்சிடும்.

ஆர்டர் எப்போ வருது?

இந்த ஊரில் மதிய ஆர்டரை இழுப்பது அரசாங்க அலுவலகங்கள், மருத்துவமனை, பள்ளிக்கூடங்கள், கடைகள். அரசாங்க அலுவலகங்களின் மதிய இடைவேளை 1 மணிக்கு. அதனால் சாப்பாடு 12 மணிக்கே கடையில் தயாராகணும். நீங்க 11 மணிக்கெல்லாம் ஊருக்குள் நிற்கணும். 2 மணிக்குப் பிறகு போன் அமைதியாயிடும்.

சாயங்காலம் 5.30 மணிக்கு மேல் ஆர்டர் தாமான்களுக்கும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் சாயோங்குக்கும், தோட்டப்புறங்களுக்கும் மாறிடும். 9.30 வரைக்கும் ஓடும்.

வெள்ளிக்கிழமை மட்டும் கணக்கு வேற. ஜும்மா தொழுகைக்காக அரசாங்க அலுவலகங்களின் இடைவேளை 12.15 முதல் 2.45 வரை. முஸ்லிம் கடைகள் தொழுகை நேரத்தில் மூடியிருக்கும். அன்னைக்குக் கொஞ்சம் சீக்கிரமே கிளம்புங்க. நோன்பு மாதத்தில் மதிய ஓட்டம் குறைஞ்சு, நோன்பு துறப்பதற்கு முந்தைய ரெண்டு மணி நேரத்தில் ஆர்டர் குவியும்.

ஒரு நாள் கணக்கு

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஆர்டருக்குச் சராசரி 6 ரிங்கிட்னு வைப்போம். கடைக்குப் போவது, கொடுப்பது, காலியாகத் திரும்புவது எல்லாம் சேர்த்து 9 கிலோமீட்டர்.

செலவு? பெட்ரோல் லிட்டருக்கு 1.99 ரிங்கிட், ஊருக்குள் லிட்டருக்கு 40 கிலோமீட்டர் ஓடுது என்றால் கிலோமீட்டருக்கு 5 சென். இன்ஜின் ஆயில், டயர், செயின், பிரேக் எல்லாம் தேயும் கணக்கு இன்னொரு 5 சென். ஆக, மோட்டார் நகரும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 10 சென் போகுது. மாதத் தவணை, இன்சூரன்ஸ், போன் டேட்டா எல்லாம் நாளுக்கு 10 ரிங்கிட்னு தனியா வைங்க.

மதியம் 3 மணி நேரத்தில் 7 ஆர்டர், சாயங்காலம் 4 மணி நேரத்தில் 8 ஆர்டர். மொத்தம் 15 ஆர்டர், 90 ரிங்கிட், 135 கிலோமீட்டர். ஓட்டச் செலவு 13.50, தினச் செலவு 10 போக கையில் நிற்பது 66.50 ரிங்கிட். 7 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 9.50.

இதை எதோடு ஒப்பிடுவது? மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். வாரம் 6 நாள் வேலைக்கு நாளுக்கு 65.38, மணிக்கு 8.72. உங்க 66.50 அந்தக் கோட்டை இப்போதான் தாண்டியிருக்கு.

இப்போ மதியம் 2 மணியிலிருந்து 5 மணி வரைக்கும் ஓடினால்? 3 ஆர்டர் கிடைக்குதுன்னு வைப்போம், 18 ரிங்கிட். ஆர்டர் தேடிச் சுற்றுவதையும் சேர்த்து 35 கிலோமீட்டர், அதாவது 3.50 செலவு. மிச்சம் 14.50. மணிக்கு 4.83 தான். அதுவும் நல்ல வெயிலிலோ, பேராக்கில் வழக்கமா கொட்டும் மதிய மழையிலோ.

உங்க எண்கள் வேற மாதிரி இருக்கலாம். செயலியின் வருமானப் பக்கத்தைத் திறந்து, ஒரு வாரத்துக்கு மதிய நேரத்தை மட்டும் தனியா எழுதிப் பாருங்க. மணிக்கு 8 ரிங்கிட்டுக்குக் கீழே வந்தால், அந்த நேரத்துக்கு வேற வேலை இருக்கு.

அந்த மூணு மணி நேரத்தில் என்ன செய்யணும்?

முதல்ல சாப்பாடு, பிறகு தூக்கம். மதியத்துக்கு மேல் உடம்பு தானாகவே சோர்ந்து போகும் நேரம் அது. 20 நிமிஷம் கண்ணை மூடினால் போதும். ஒரு மணி நேரம் தூங்கினால் எழுந்ததும் தலை கனமா இருக்கும், உடனே மோட்டாரை எடுக்காதீங்க.

அடுத்தது மோட்டார். மேலே சொன்ன கணக்கில் 26 நாளில் 3,510 கிலோமீட்டர் ஓடுறீங்க. 2,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாத்துறவர் என்றால், அது கிட்டத்தட்ட ரெண்டரை வாரத்துக்கு ஒருமுறை. ராத்திரி 9.30 மணிக்குப் பட்டறை மூடியிருக்கும், மதியம் திறந்திருக்கும். இளஞ்சூட்டில் பழைய ஆயில் நல்லா வடியும் என்பதால், மதிய ஓட்டம் முடிந்து கொஞ்சம் ஆறவிட்டு மாத்துவதுதான் சரி.

செயினுக்கும் இதுவே நல்ல நேரம். செயின் சூடா இருக்கும்போது எண்ணெய் உள்ளே இறங்கும், சாயங்காலத்துக்குள் ஊறிடும். மழையில் ஓடிய நாளில் கட்டாயம் செய்யுங்க. முறுக்கும்போது 'டக் டக்'னு அடிக்குது, ஸ்ப்ராக்கெட் பல் கொக்கி மாதிரி சாஞ்சிருக்குன்னா செயின் செட் மாத்தும் நேரம் வந்தாச்சு.

டயர் காற்றை மட்டும் மதியம் பார்க்காதீங்க. ஓடிய டயர் சூடாகி அழுத்தம் கூடுதலா காட்டும். காலையில், கிளம்பும் முன் பாருங்க. பெட்டியில் பாரம் இருப்பதால் பின் டயரை அடிக்கடி கவனிக்கணும்.

தோட்டத்துக்கு ஓர் ஆர்டர் வந்தால்?

ஒரு வழிக்கு 9 கிலோமீட்டர், 9 ரிங்கிட். பார்க்க நல்லா இருக்கும். ஆனால் திரும்பும்போது பெட்டி காலி. போய் வர 40 நிமிஷம் ஆகும். மதியம் 12.30 மணிக்கு அதே நேரத்தில் ஊருக்குள் ரெண்டு ஆர்டர் முடிச்சு 12 ரிங்கிட் எடுக்கலாம். ராத்திரி 9 மணிக்கு மேல், உங்க வீடு அந்தப் பக்கம் என்றால் அதே ஆர்டர் லாபம். ஒன்று மட்டும் கவனம்: ஆர்டரை அடிக்கடி மறுத்தால் சில செயலிகளில் மதிப்பீடு பாதிக்கலாம். விதியைப் படிச்சிட்டு முடிவெடுங்க.

இலக்கு நாளுக்கா, வாரத்துக்கா?

நியூயார்க் டாக்சி ஓட்டுநர்களைப் பற்றி கோலின் கேமரரும் சக ஆய்வாளர்களும் 1997இல் ஓர் ஆய்வு வெளியிட்டாங்க. நாள் இலக்கு வைத்து ஓடுறவங்க, நல்ல வருமானம் வரும் நாளில் சீக்கிரம் வீட்டுக்குப் போறாங்க, மந்தமான நாளில் நீண்ட நேரம் ஓடுறாங்க என்பது அதன் முடிவு. பிறகு அதை மறுத்தவங்களும் உண்டு. ஆனால் பாடம் எளிது: மந்தமான ராத்திரியில் 90 ரிங்கிட்டைத் துரத்தாதீங்க. வாரத்துக்கு 540 ரிங்கிட்னு இலக்கு வைங்க. செவ்வாய்க்கிழமை 70 தான் வந்ததா? 9.30க்கு வீட்டுக்குப் போங்க. சனிக்கிழமை ஆர்டர் நிறைய வந்தால் இன்னும் ஒரு மணி நேரம் நில்லுங்க.

சுருக்கமா, ஒரு நாள்

- 8.30: பசியாறல்
- 10.30: டயர், பிரேக், விளக்கு பார்த்தல்
- 11.00–2.00: மதிய ஓட்டம்
- 2.00–5.00: சாப்பாடு, 20 நிமிஷத் தூக்கம், செயின் அல்லது ஆயில்
- 5.30–9.30: சாயங்கால ஓட்டம், நடுவில் 10 நிமிஷம் இறங்கித் தண்ணீர் குடிங்க
- 10.00: அன்றைய ஆர்டர், கிலோமீட்டர், வருமானம் எழுதுதல்
- 11.30: தூக்கம்

கடைசியா ஒன்று. விழுந்து கை முறிந்தால் இந்தக் கணக்கு முழுசும் நின்னு போகும். 2017ஆம் ஆண்டு சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பெர்கேசோ பாதுகாப்பு டெலிவரி ரைடர்களுக்கும் உண்டு. உங்க பெயரில் சந்தா நடப்பில் இருக்கான்னு இன்னைக்கு மதியம், அந்த மூணு மணி நேரத்திலேயே பார்த்திடுங்க.